மெட்டு தெரியும், பெயர் தெரியாது

'மெட்டி ஒலி' தொடர் சன் டிவியில் 2002 முதல் 2005 வரை 811 பகுதிகள் ஓடியது. அதில் ஒரு காட்சி வந்தால் பெரும்பாலும் ஒரு முறைதான் வந்தது. டைட்டில் பாடலோ ஒளிபரப்பான நாளெல்லாம் வந்தது. விடாமல் பார்த்த ஒருவர் அந்தப் பாட்டை நூற்றுக்கணக்கான தடவை கேட்டிருப்பார். அதில் பாதி நாள் அடுக்களையில் வேலையாக இருந்தபடி, திரையைப் பார்க்காமலே கேட்டிருப்பார். இருபது ஆண்டுகள் கழித்துக் கதை கலைந்து, நடித்தவர்களின் முகம் மங்கி, மெட்டு மட்டும் மிஞ்சுவதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

மிஞ்சிய மெட்டிலிருந்து தொடரின் பெயருக்கு எப்படிப் போவது? பெயர் தெரிந்தால் தேடுபெட்டியில் தட்டிவிடலாம், மெட்டைத் தட்ட முடியாது. ஆனாலும் அதற்கு வழிகள் இருக்கின்றன. மெட்டில் எந்தப் பகுதியை நம் நினைவு பத்திரமாக வைத்திருக்கிறது, எந்தப் பகுதி வாய் வழியாக வெளியே வரும்போது கெட்டுப்போகிறது என்று தெரிந்தால் அந்த வழிகள் புரிந்துவிடும்.

நினைவின் இரண்டு அடுக்குகள்

ஒரு டைட்டில் இசை நம் நினைவில் இரண்டு அடுக்குகளாக இருக்கிறது. மேல் அடுக்கு, அது ஒலித்த விதம்: யாருடைய குரல், என்ன வாத்தியம், எந்தச் சுருதி, எவ்வளவு வேகம். கீழ் அடுக்கு, மெட்டின் வடிவம்: சுரம் எங்கே ஏறியது, எங்கே இறங்கியது, எவ்வளவு தூரம் தாவியது.

மேல் அடுக்கு எவ்வளவு துல்லியமானது என்பதைக் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளென் ஷெலன்பெர்க், சாண்ட்ரா ட்ரெஹப் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அவர்கள் எடுத்துக்கொண்டதே தொலைக்காட்சித் தொடர்களின் தொடக்க இசையைத்தான். 'ஃபிரண்ட்ஸ்', 'தி சிம்ப்சன்ஸ்', 'தி எக்ஸ் ஃபைல்ஸ்' போன்ற தொடர்களின் இசையில் ஐந்து நொடித் துண்டுகளை வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டையும் இரண்டு முறை ஒலிக்கவிட்டார்கள். ஒன்று தொலைக்காட்சியில் வந்த அதே சுருதியில் இருந்தது. மற்றொன்றைக் கணினியில் ஒரு அரைச்சுரமோ இரண்டு அரைச்சுரமோ ஏற்றியோ இறக்கியோ வைத்திருந்தார்கள். எது அசல் என்று கேட்டார்கள். பதில் சொன்னவர்கள் சுருதி ஞானம் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர், சாதாரணக் கல்லூரி மாணவர்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் 50 சதவீதம் சரியாகும். அவர்களோ ஒரு அரைச்சுர வித்தியாசத்தில் 58 சதவீதமும், இரண்டு அரைச்சுர வித்தியாசத்தில் 70 சதவீதமும் சரியாகச் சொன்னார்கள். முன்பு கேட்டிராத இசையைக் கொடுத்தபோது இந்தத் திறமை காணாமல் போனது. ஆக, அது காதின் கூர்மையால் வந்ததல்ல, வருடக்கணக்காகக் கேட்ட பழக்கத்தால் வந்தது.

குரலும் வாத்தியமும் சுருதியைவிட வேகமாக வேலை செய்கின்றன. ஷெலன்பெர்க் 1999இல் வேறு இருவரோடு சேர்ந்து செய்த சோதனையில், ஐந்து பிரபலப் பாடல்களை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நீளத்துக்கு வெட்டிப் போட்டுக் காட்டினார். அவ்வளவு குறுகிய துண்டில் மெட்டு என்று ஒன்று இருக்க முடியாது. ஆனாலும் கேட்டவர்கள் துண்டையும் பாடலின் பெயரையும் குருட்டடியைவிட நன்றாகவே பொருத்தினார்கள். அவர்கள் பிடித்துக்கொண்டது ஒலியின் சாயலை. அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியில் டைட்டில் தொடங்கிய கணமே என்ன தொடர் என்று நமக்குத் தெரிந்துவிடுவதும் இதனால்தான்.

கீழ் அடுக்கின் இயல்பு வேறு. பாடகி ஐந்து கட்டையில் பாடியதை நாம் ஒரு கட்டையில் முணுமுணுத்தாலும் அது அதே மெட்டுதான். அமெரிக்க உளவியலாளர் ஜே டவ்லிங் 1970களில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். புதிதாகக் கேட்ட மெட்டில் மனத்தில் முதலில் பதிவது ஏற்ற இறக்கத்தின் வரிசை. தாவலின் தூரத்தை மாற்றி, ஏற்ற இறக்கத்தை மட்டும் அப்படியே வைத்து இன்னொரு மெட்டைப் போட்டுக் காட்டினால், கேட்பவர் இரண்டும் ஒன்றே என்று எளிதில் ஏமாறுகிறார். பழகிய மெட்டில் அப்படி ஏமாறுவதில்லை. பழகப் பழகத் தூரமும் பதிந்துவிடுகிறது.

தொடரின் பெயரைத் தேடுகிறவருக்குச் சங்கடம் இங்கேதான். கேட்டதும் அடையாளம் காண உதவுவது பெரும்பாலும் மேல் அடுக்கு. ஆனால் பிறரிடம் பாடிக் காட்டும்போது அந்த அடுக்கு நம்மிடமே தங்கிவிடுகிறது. வயலினும் வராது, பாடகியின் குரலும் வராது. வெளியே வருவது மெட்டின் வடிவம் மட்டும். பாடிப் பழகாத தொண்டையில் அந்த வடிவத்திலும் தூரங்கள் பிசகும். கடைசிவரை பெரும்பாலும் பிசகாமல் நிற்பது, அடுத்த சுரம் மேலேயா கீழேயா என்பதுதான்.

மூன்று எழுத்து அகராதி

இந்தக் கடைசி மிச்சத்தை மட்டும் வைத்து ஒரு அகராதியே செய்தார் டெனிஸ் பார்சன்ஸ் என்ற பிரிட்டிஷ்காரர். 1975இல் வெளிவந்த அவருடைய நூலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மெட்டுகள் இருந்தன. இசை எழுதத் தெரியாதவரும் அதில் தேடலாம். முதல் சுரத்துக்கு ஒரு நட்சத்திரக் குறி. அதன்பின் ஒவ்வொரு சுரமும் முந்தியதைவிட மேலே போனால் `U`, கீழே வந்தால் `D`, அதே இடத்தில் நின்றால் `R`. நீளம், தாளம், ராகம் எதுவும் வேண்டாம். கிடைத்த எழுத்து வரிசையை அகராதியில் சொல் பார்ப்பதுபோல அகர வரிசையில் பார்த்தால் பாடலின் பெயர் கிடைக்கும்.

உலகம் முழுவதும் தெரிந்த ஒரு டைட்டில் இசையில் இதைச் செய்து பார்ப்போம். 2011இல் ஹெச்பிஓவில் தொடங்கிய 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடருக்கு ரமீன் ஜவாடி அமைத்தது அது. செல்லோ வாத்தியத்தில் வரும் பிரதான மெட்டை நம் சுரக்கணக்கில் சொன்னால், பஞ்சமத்தில் தொடங்கிச் சட்ஜத்துக்கு விழுகிறது. அங்கிருந்து காந்தாரம், மத்திமம் என்று படிப்படியாக ஏறிப் பஞ்சமத்துக்குத் திரும்புகிறது. மறுபடி சட்ஜத்துக்கு விழுந்து, மறுபடி மத்திமம் வரை ஏறி, இந்த முறை ரிஷபத்துக்கு இறங்கி நிற்கிறது. ஒன்பது சுரம், எட்டு நகர்வு. பார்சன்ஸ் முறையில் எழுதினால் இப்படி வரும்:

```
*DUUUDUUD
```

ஒவ்வொரு நகர்வுக்கும் மூன்று வாய்ப்பு என்றால் எட்டு நகர்வுக்கு 6,561 வேறுபட்ட வரிசைகள் உண்டு. பன்னிரண்டு நகர்வு கிடைத்தால் அது 5,31,441 ஆகிவிடும். ஆனால் மெட்டுகள் எல்லா வரிசையிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. இரண்டு படி ஏறி ஒரு படி இறங்குவது போன்ற சில நடைகள் திரும்பத் திரும்ப வரும். அதனால் காகிதக் கணக்கு சொல்வதைவிட நீளமான துண்டு தேவைப்படும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அசிஃப் கியாஸ் குழுவினர் 1995இல் முணுமுணுப்பை வைத்துப் பாடல் தேடும் கணினி முறை ஒன்றைச் செய்தபோது, வெறும் 183 பாடல்கள் கொண்ட தொகுப்பிலேயே பத்திலிருந்து பன்னிரண்டு நகர்வுகள் இருந்தால்தான் 90 சதவீதப் பாடல்களைப் பிரித்தறிய முடிந்தது.

இந்த முறை எங்கே தவறும் என்பதையும் அதே டைட்டில் இசை காட்டுகிறது. பிரதான மெட்டு வருவதற்கு முன்பே, பின்னணியில் வேகமான ஒரு சிறு சுற்று ஓடத் தொடங்கிவிடும். பலருக்கு மனத்தில் நிற்பது அந்தச் சுற்றுதான். அதுவும் பஞ்சமத்திலிருந்து சட்ஜத்துக்கு விழுந்து, காந்தாரம், மத்திமம் என்று ஏறுகிறது. ஆனால் எங்கும் நிற்காமல் திரும்பத் திரும்பப் பஞ்சமத்துக்குப் போகிறது. அதன் வரிசை:

```
*DUUUDUUU
```

முதல் ஏழு எழுத்துகள் இரண்டிலும் ஒன்றே. எட்டாவதில்தான் பாதை பிரிகிறது. ஏழு நகர்வோடு நிறுத்திவிட்டவர் எதை முணுமுணுத்தார் என்று எந்த அகராதியாலும் சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு. அந்தச் சுற்றில் முதலில் வருவது சாதாரண காந்தாரம். சற்று நேரத்தில் அது அந்தர காந்தாரமாக மாறுகிறது. கேட்பவர் மனநிலையையே மாற்றிவிடும் மாற்றம் அது. ஆனால் ஏற்றம் ஏற்றமாகவே இருப்பதால் எழுத்து வரிசையில் எந்த வித்தியாசமும் தெரியாது.

நம் தொடர்ப் பாடல்களுக்கு மூன்றாவதாக ஒரு சிக்கல் சேர்கிறது. அதுதான் கமகம். கர்நாடக இசைச் சாயலில் பாடிய ஒரு சுரம் ஆடி அசைந்து நிற்கும்போது, அதை ஒரு சுரமாக எண்ணுவதா, மேலும் கீழுமான நான்கு நகர்வாக எண்ணுவதா? பாடியவர் ஒரு விதமாகவும், பதிவுசெய்தவர் வேறு விதமாகவும் எண்ணினால் வரிசைகள் பொருந்தா. பியானோவில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக விழும் மேற்கத்திய மெட்டுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு.

செயலிகள் இரண்டு வகை

இன்று பார்சன்ஸ் அகராதியை யாரும் புரட்டுவதில்லை, கைபேசியை நீட்டுகிறோம். ஆனால் பாட்டுக் கண்டுபிடிக்கும் செயலிகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒரு வகை மேல் அடுக்கைப் பார்க்கிறது, மற்றது கீழ் அடுக்கை.

முதல் வகைக்கு ஷஸாம் உதாரணம். பிரிட்டனில் 2002இல் அது தொடங்கியபோது, 2580 என்ற எண்ணுக்கு அழைத்துப் போனை ஒலிபெருக்கிப் பக்கம் பிடிக்க வேண்டும். அதன் உத்தியை வகுத்த ஏவரி வாங் 2003இல் அதை விளக்கிக் கட்டுரை எழுதினார். ஒலிப்பதிவில் எந்தக் கணத்தில் எந்த அதிர்வெண் ஓங்கி நிற்கிறது என்று புள்ளிகள் எடுக்கிறது அந்த முறை. பிறகு புள்ளிகளை இரண்டிரண்டாக இணைத்து, அவற்றுக்கிடையே உள்ள நேர இடைவெளியையும் சேர்த்துக் குறித்துக்கொள்கிறது. தன் சேமிப்பில் அதே இணைகள் அதே வரிசையில் உள்ள பதிவைத் தேடுகிறது. சுற்றிலும் இரைச்சல் இருந்தாலும் ஓங்கிய புள்ளிகள் தப்பிவிடுவதால் டீக்கடையிலும் அது வேலை செய்கிறது. ஆனால் அதற்கு வேண்டியது அதே ஒலிப்பதிவு. அதே பாடகி அதே பாட்டை மேடையில் பாடினால்கூட இணைகள் மாறிவிடும். நாம் முணுமுணுத்தால் அதற்கு ஒன்றும் புரியாது.

இரண்டாவது வகை, முணுமுணுப்பைக் கேட்கும் செயலிகள். சவுண்ட்ஹவுண்ட் இதைச் செய்கிறது. கூகுள் தேடலிலும் 2020 முதல் இந்த வசதி உண்டு. இவ்வகையின் அடிப்படை, நம் குரலிலிருந்து சுருதியின் ஏற்ற இறக்கக் கோட்டைப் பிரித்தெடுத்து, எந்தக் கட்டையில் பாடினோம் என்பதைக் கழித்துவிட்டு, மீதியைச் சேமிப்பிலுள்ள மெட்டுகளோடு ஒப்பிடுவது. அகராதியைவிடக் கணினிக்கு உள்ள பெரிய அனுகூலம், அது பிழையை மன்னிக்கும் என்பது. மேலே பார்த்த மெட்டில் ஒருவர் முதல் காந்தாரத்தை விட்டுவிட்டுப் பாடினார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வரிசை `*DUUDUUD` என்றாகும். அகராதியில் அது வேறு பக்கத்துக்குப் போய்விடும். கணினியோ, இந்த வரிசையில் ஒரே ஒரு எழுத்தைச் செருகினால் அசல் வந்துவிடும் என்று கணக்கிடும். எத்தனை செருகல், நீக்கல், மாற்றம் செய்தால் பொருந்தும் என்று ஒவ்வொரு மெட்டுக்கும் எண்ணி, குறைந்த எண்ணிக்கை உள்ளதை மேலே காட்டும்.

அதனால் எப்படிப் பாடுகிறோம் என்பது முடிவை மாற்றும். வாயை மூடி 'ம்ம்ம்' என்று இழுத்தால் ஒரு சுரம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்கியது என்று பிரிப்பது கடினம். அதே சுரம் இரண்டு முறை வந்தால் ஒன்றாகவே ஒட்டிவிடும். இதை ஆரம்ப காலத்திலேயே உணர்ந்து, ஒவ்வொரு சுரத்துக்கும் 'த' போன்ற ஓர் எழுத்தைச் சொல்லிப் பாடும்படி ஆய்வாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். நமக்கு அது புதிதல்ல. தன்னானே என்றும் தனனன என்றும் மெட்டைச் சொல்வது நம் வழக்கம்தானே? 1980களில் தூர்தர்ஷனில் வந்த 'மால்குடி டேஸ்' தொடருக்கு எல். வைத்தியநாதன் அமைத்த டைட்டில் இசையே அப்படி எழுத்தெழுத்தாக முணுமுணுக்கும் குரலில் அமைந்ததுதான். இந்தியா முழுவதும் அதைச் சொல் எதுவும் இல்லாமலே பாடிக் காட்ட முடிகிறது.

இரண்டு வகைச் செயலிக்கும் பொதுவான எல்லை ஒன்று உண்டு. சேமிப்பில் இல்லாததை எந்தச் செயலியும் கண்டுபிடிக்காது. திரைப்படப் பாடல்கள் கேசட்டாகவும் குறுந்தகடாகவும் வெளிவந்து, பின்பு இணையத்துக்கும் ஏறிவிட்டன. பழைய தொடர்ப் பாடல்கள் பலவற்றுக்கு அப்படி முறையான வெளியீடே கிடையாது. நீங்கள் சரியாகப் பாடினாலும் செயலி வேறு ஏதோ சினிமாப் பாட்டைக் காட்டினால், அந்தத் தொடரின் இசை அதன் சேமிப்பில் இல்லாமலிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது மெட்டை விட்டுச் சொல்லுக்குப் போக வேண்டும்.

எந்தச் சொல்லை நம்பலாம்?

பாடல் வரிகள் நினைவில் தனியாக இருப்பதில்லை, மெட்டோடு பின்னிக் கிடக்கின்றன. மனப்பாடமான செய்யுள்களை மக்கள் எப்படி நினைவுகூர்கிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் டேவிட் ரூபின் 1977இல் ஆராய்ந்தார். பெரும்பாலோர் தொடக்கத்திலிருந்து வரிசையாகவே சொல்லிக்கொண்டு போனார்கள். நின்றுபோன இடங்கள் பெரும்பாலும் மூச்சு வாங்கும் இடங்களாக இருந்தன. ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லை இழுத்துவருவதால் நடுவிலிருந்து தொடங்குவது கடினம். டைட்டில் பாடலில் பல்லவியின் முதல் அடி மட்டும் பளிச்சென்று நிற்பதும் சரணம் மங்கிவிடுவதும் இதனால்தான். வரி வரவில்லை என்றால் உட்கார்ந்து யோசிப்பதைவிட, மெட்டைத் தொடக்கத்திலிருந்து பாடிக்கொண்டே வருவது பலன் தரும்.

நினைவில் வரும் சொற்கள் எல்லாம் சமமாக நம்பத்தக்கவை அல்ல. வாய்மொழி மரபுகளைப் பற்றிப் பின்னாளில் எழுதியபோது ரூபின் சொன்ன கருத்து, ஒரு சொல்லை எத்தனை கட்டுகள் பிடித்து வைத்திருக்கின்றனவோ அந்த அளவுக்கு அது மாறாமல் நிற்கும் என்பது. தமிழ்ப் பாட்டில் அந்தக் கட்டுகள் கண்ணுக்குத் தெரியும். எதுகையில் நிற்கும் சொல்லை இரண்டாம் எழுத்தும், மெட்டின் சந்தமும், பொருளும் சேர்ந்து பிடிக்கின்றன. மோனைச் சொல்லை முதல் எழுத்து பிடிக்கிறது. இடையில் வரும் 'இந்த', 'அந்த', 'என்', 'உன்' போன்றவற்றைச் சந்தம் மட்டுமே பிடிக்கிறது. அதே மாத்திரையுள்ள இன்னொரு சொல் அங்கே எளிதாக உட்கார்ந்துவிடும். ஆகவே தேடும்போது எதுகைச் சொற்களை முதலில் போடுங்கள். இடைச் சொற்களை விட்டுவிடுங்கள்.

முதல் அடி சரியாக நினைவில் இருந்தும் தொடரின் பெயர் வராமல் போவதுண்டு. 1990களின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் வந்த கே. பாலசந்தரின் 'ரயில் சிநேகம்' அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வைரமுத்து எழுதி, வி.எஸ். நரசிம்மன் இசையமைத்து, சித்ரா பாடியது அதன் டைட்டில் பாடல். பாடலின் முதல் அடி வீணையைப் பற்றியது. தொடரின் பெயரில் இருப்பதோ ரயில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக நினைவுக்குப் படி எதுவும் இல்லை. மேலும், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகி மூவரும் திரைத்துறையில் பேர்பெற்றவர்கள் என்பதால், பாட்டைக் கேட்பவர் இது ஏதோ படத்தில் வந்தது என்று நினைத்துப் படப் பட்டியல்களில் தேடிக்கொண்டிருப்பார். தேடலில் 'படம்' என்ற சொல்லை விட்டு, 'தொடர்', 'சீரியல்', 'டைட்டில்', 'தூர்தர்ஷன்' என்று சேர்த்தால் வழி திறக்கும்.

எழுத்துக்கூட்டலும் ஒரு தடை. தமிழ்ப் பாடல்கள் இணையத்தில் ஆங்கில எழுத்துகளில் குறிக்கப்படுவது அதிகம். வீணை என்பதை ஒருவர் `veenai` என்றும், இன்னொருவர் `vinai` என்றும், மற்றொருவர் `veena` என்றும் போடுவார். தகரம் `th`, `dh`, `t` என மூன்று வேடம் போடும். ழகரம் `zh` ஆகவும் `l` ஆகவும் வரும். ஒரு முறை தேடிக் கிடைக்கவில்லை என்று விடாமல், தமிழ் எழுத்திலும் இந்த வேடங்களிலும் மாற்றி மாற்றித் தேட வேண்டும்.

கிடைத்தது சரிதானா?

ஏதோ ஒரு தொடரின் பெயர் கிடைத்துவிட்டது. அதுதான் என்று எப்படி உறுதிசெய்வது? குரலை மட்டும் நம்பினால் தவறலாம். 'சித்தி', 'மெட்டி ஒலி' இரண்டின் டைட்டில் பாடலையும் பாடியவர் நித்யஸ்ரீ மகாதேவன்தான். இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளில் சன் டிவியிலேயே வந்தவை. குரலை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் ஒன்றைத் தேடி மற்றொன்றில் போய் நிற்கலாம். முதல் அடியின் மெட்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

உறுதிசெய்ய, வேறு யாரோ பாடிய பதிவை விட்டுவிட்டு, தொலைக்காட்சியில் வந்த அசல் டைட்டிலையே தேடி எடுங்கள். டொரன்டோ மாணவர்களைப் போல உங்கள் நினைவிலும் அந்த ஒலியின் சாயலும் ஓரளவு சுருதியும் இருக்கின்றன. சரியான பதிவு என்றால் முதல் ஓரிரு நொடியிலேயே, பாட்டு தொடங்கும் முன் வரும் வாத்தியத்திலேயே தெரிந்துவிடும். பல்லவி வரை கேட்டும் 'இருக்கலாம்' என்றே தோன்றினால் அது அநேகமாக வேறொன்று.

தேடத் தொடங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நான்கைந்து டைட்டில் பாடல்களை வரிசையாகப் போட்டுக் கேட்டால் அவை உங்கள் மனத்திலுள்ள மெட்டோடு கலந்துவிடும். பிறகு எது உங்களுடையது என்று உங்களுக்கே தெரியாது. அதனால் எதையும் கேட்பதற்கு முன்பே, நினைவில் உள்ளதை 'தனனன' என்று பத்துப் பதினைந்து சுரத்துக்குக் குறையாமல் கைபேசியில் பாடிப் பதிவுசெய்து கொள்ளுங்கள். கூடவே நினைவில் உள்ள சொற்களையும் எழுதி வையுங்கள். தேடலை அதன்பிறகு தொடங்குங்கள்.